சந்திப்பிழை திருத்துவது எப்படி? ஒரு பத்தியை வைத்து முழு வழிகாட்டி

பள்ளிக் குழந்தைகளுக்கு வாசிப்புப் பத்தி எழுதித் தருபவர்கள் பெரும்பாலும் பொருளில் கோட்டை விடுவதில்லை. கோட்டை விடுவது இரண்டு சொற்களுக்கு நடுவே. "ஏரியை தேடி" என்று எழுதி ஒற்றை விட்டுவிடுவார்கள். இரண்டு வரி தள்ளி "கலந்தத் தண்ணீர்" என்று வேண்டாத இடத்தில் ஒற்றைப் போட்டிருப்பார்கள். படிக்கும் ஆறாம் வகுப்புக் குழந்தை இரண்டையும் அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்ளும்.

இதற்கான விதிகள் பட்டியலாகவே கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களிலேயே வல்லினம் மிகும் இடங்களும் மிகா இடங்களும் வந்துவிடுகின்றன. பட்டியலில் குறையில்லை. ஆனால் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு பத்தியின் முன் உட்காரும்போது, எந்தச் சொல்லுக்கு எந்த விதியைத் தேடுவது என்பதிலேயே பாதிப் பேர் திணறிப் போகிறார்கள். அதனால் இங்கே பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு பத்தியிலிருந்து விதிக்குப் போகிறேன். ஆறாம் வகுப்புப் பயிற்சித்தாளுக்காக எழுதிய பத்தி என்று வைத்துக்கொள்வோம். இந்தத் துறையில் வழக்கமாக வரும் பிழைகளையெல்லாம் இதில் இறக்கியிருக்கிறேன்.

> வேடந்தாங்கல் ஒரு சிறியக் கிராமம். அங்கு பழைய ஏரி ஒன்று இருக்கிறது. மழைகாலம் வந்ததும் பலப் பறவைகள் அந்த ஏரியை தேடி வருகின்றன. அந்த பறவைகள் மரங்களில் கூடு கட்டி குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் கலந்தத் தண்ணீர் வயல்களுக்கு பாய்கிறது. அதனால் பயிர் நன்றாக செழித்து வளர்கிறது. இதை தெரிந்துக் கொண்ட ஊர் மக்கள் ஏரிகரையில் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகளை சுட துப்பாக்கியோடு யார் வந்தாலும் தடுத்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கீழே படிப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை திருத்திப் பாருங்கள். விட்ட ஒற்று எத்தனை, கூடுதலாகப் போட்ட ஒற்று எத்தனை என்று தனித்தனியாக எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று: க, ச, த, ப மட்டும்

முதல் வாசிப்பில் பொருளைப் பார்க்கவே வேண்டாம். க, ச, த, ப வரிசையில் தொடங்கும் சொல் எங்கே வந்தாலும் அதற்கு முன் ஒரு சிறு கோடு போடுங்கள். வல்லினம் ஆறு என்றாலும் ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ஆகவே ஒற்று மிகுவதற்கான வாய்ப்பே இந்த நான்கில்தான். மற்ற எழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் இந்தக் கவலையே கிடையாது. "தேடி வருகின்றன", "அந்த ஏரி", "கொண்ட ஊர்" எல்லாம் தானாகவே கழிந்துவிடும்.

வாக்கியத்தின் முதல் சொல்லுக்குக் கோடு வேண்டாம். முற்றுப்புள்ளியைத் தாண்டி ஒற்று மிகாது. காற்புள்ளியைத் தாண்டியும் மிகாது. "வீட்டுக்குப் போனான்" என்பதில் ஒற்று வேண்டும். "வீட்டுக்கு, பசியோடு போனான்" என்று காற்புள்ளி போட்டு நிறுத்திவிட்டால் வேண்டாம். இது கைவசம் இருக்க வேண்டிய சங்கதி. ஏனென்றால் பத்தியைச் செப்பனிடும்போது காற்புள்ளியைச் சேர்ப்பதும் எடுப்பதும் நடந்துகொண்டே இருக்கும். அப்போதெல்லாம் அந்த இடத்தின் ஒற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கூட்டுச்சொல்லின் உள்ளேயும் ஒரு கண் வையுங்கள். "மழைகாலம்", "ஏரிகரை" இரண்டும் சேர்த்து எழுதப்பட்டிருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். அவற்றையும் சேர்த்தால் நம் பத்தியில் மொத்தம் 25 கோடுகள் விழும்.

பிற மொழிகளிலிருந்து வந்த சொற்கள் இந்தச் சுற்றில் கொஞ்சம் தொல்லை தரும். ஜ, ஸ, ஷ, ஹ, ட என்று தொடங்கினால் விட்டுவிடலாம்: "அந்த ஜன்னல்", "இந்த டிக்கெட்". பஸ், கேஸ் போன்றவற்றில்தான் வம்பு. "அந்தப் பஸ்" என்று எழுதினால் இலக்கணம் சரி. ஆனால் ஒற்று வந்ததும் அடுத்த எழுத்தை அழுத்திப் படிக்கத் தோன்றும், பேச்சில் அந்தச் சொல் அப்படி ஒலிப்பதில்லை. பத்திரிகைகளில் இரண்டு விதமாகவும் பார்க்கலாம். குழந்தைகளுக்கான பத்தியில் நான் இந்த வம்புக்கே போவதில்லை, "அந்தப் பேருந்து" என்று எழுதிவிடுவேன்.

இரண்டாம் சுற்று: முன்னால் நிற்கும் சொல்லின் கடைசி எழுத்து

இப்போது ஒவ்வொரு கோட்டுக்கும் இடப்பக்கம் பாருங்கள். அங்கே நிற்கும் சொல் ன், ண், ம், ல், ள் ஆகிய எழுத்துகளில் முடிந்தால் அந்தக் கோட்டை அழித்துவிடலாம். பழைய முறைப்படி எழுதினால் "மரங்களிற் கூடு", "அதனாற் பயிர்" என்று லகரம் றகரமாகத் திரியும். இன்றைய உரைநடையில், அதுவும் பள்ளிப் பத்தியில், யாரும் அப்படி எழுதுவதில்லை. இயல்பாக விடுவதுதான் வழக்கம். "எச்சம் கலந்த" என்பதை "எச்சங்கலந்த" என்று எழுதுவதும் அப்படியே.

ய், ர், ழ் மூன்றும் வேறு ரகம். இவற்றில் முடியும் சொல்லுக்குப் பின் ஒற்று வரக்கூடும்: தாய்ப்பால், தயிர்ப்பானை, தமிழ்ப்பாடம், போய்ச் சேர்ந்தான். இவை இருந்தால் கோட்டை விட்டுவையுங்கள்.

நம் பத்தியில் "வந்ததும் பல", "மரங்களில் கூடு", "எச்சம் கலந்த", "அதனால் பயிர்", "ஏரிகரையில் பட்டாசு", "வந்தாலும் தடுத்து" ஆகிய ஆறும் கழிகின்றன. மீதி 19. இந்தப் பத்தொன்பதும் உயிரெழுத்தின் ஓசையில் முடியும் சொல்லுக்குப் பின்னால் இருப்பவை. உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாம் சுற்று: அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது?

முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம். ஐ உருபும் கு உருபும் வெளிப்படையாக இருந்தால் ஒற்று வந்தே தீரும். ஏரியைத் தேடி, இதைத் தெரிந்து, பறவைகளைச் சுட, வயல்களுக்குப் பாய்கிறது. நான்கு இடம் முடிந்தது.

இதில் ஒரே ஒரு பள்ளம் உண்டு. ஐகாரத்தில் முடிவதெல்லாம் ஐ உருபு அல்ல. மழை, யானை, குழந்தை, பறவை என்று சொல்லே ஐகாரத்தில் முடியலாம். "மழை பெய்தது", "குழந்தை சிரித்தது", "யானை பார்த்தது" ஆகியவற்றில் அந்தச் சொல் எழுவாய், ஒற்று வராது. ஆனால் "ஐ வந்தால் ஒற்று" என்று மட்டும் மனத்தில் பதிந்தவர்கள் "மழைப் பெய்தது" என்று திருத்தி வைப்பார்கள். சந்தேகம் வந்தால் கடைசி ஐ-யை எடுத்துப் பாருங்கள். "ஏரியை" என்பதில் எடுத்தால் "ஏரி" என்ற முழுச்சொல் மிஞ்சுகிறது. எனவே அது உருபு. "மழை" என்பதில் எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு விதமாகவும் பொருள் தரும் சொற்களும் உண்டு. "வேலை கொடு" என்றால் பணி கொடு. "வேலைக் கொடு" என்றால் கையில் இருக்கும் வேலாயுதத்தைக் கொடு. ஒற்று ஒன்றுதான் வித்தியாசம்.

கு உருபிலும் இதே கதைதான். "நாக்கு தடித்தது", "விளக்கு சாய்ந்தது" என்பவற்றில் இருப்பது உருபு அல்ல, சொல்லின் பகுதி. எழுவாயாக நிற்பதால் ஒற்று இல்லை.

அடுத்து அந்த, இந்த, எந்த. இவற்றுக்குப் பின் ஒற்று உறுதி: அந்தப் பறவைகள். அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின்னும் அதே. அங்கு, இங்கு, எங்கு என்பவற்றுக்குப் பின்னும் வரும்: அங்குப் பழைய ஏரி. இது கடைசியில் சொன்னதால் குறைந்த விதி அல்ல, ஆனால் பலருடைய கண்ணுக்கு "அங்குப் பழைய" என்பது உறுத்தலாக இருக்கும். நிறைய அச்சுகளில் அது விடுபட்டிருப்பதே காரணம். உறுத்தினால் "அங்கே பழைய ஏரி" என்று எழுதுங்கள். ஏகாரத்துக்குப் பின் ஒற்று வராது, பிரச்சினை தீர்ந்தது. அது, இது, எது, அவை, இவை ஆகியவற்றுக்குப் பின்னும் வராது: அது பறந்தது, அவை பறந்தன. அவ்வளவு, இவ்வளவு, எவ்வளவு என்பவையும் அப்படியே: எவ்வளவு பெரியது. "ஒரு" என்பதற்குப் பின்னும் வராது: ஒரு சிறிய.

நான்காம் சுற்று: அகரத்தில் முடியும் சொற்கள்

நான் பார்க்கும் பத்திகளில் அதிகம் சிக்குவது இங்கேதான். மேலே பார்த்த "அந்த" போக, நம் பத்தியில் சிறிய, பல, கலந்த, நன்றாக, சுட என்று அகரத்தில் முடியும் ஐந்து சொற்கள் கோட்டின் இடப்பக்கம் நிற்கின்றன. பார்வைக்கு ஐந்தும் ஒன்று. ஆனால் முதல் மூன்றுக்கு ஒற்று கூடாது, கடைசி இரண்டுக்கும் கட்டாயம் வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டு, அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். "கலந்த" என்று நிறுத்தினால் "கலந்த எது?" என்று ஒரு பெயரைக் கேட்கிறது. "சிறிய எது?", "பல எவை?" என்பனவும் பெயரைத்தான் கேட்கின்றன. பெயரைக் கேட்கும் சொல்லுக்குப் பின் ஒற்று இல்லை: கலந்த தண்ணீர், சிறிய கிராமம், பல பறவைகள். "சுட" என்று நிறுத்தினால் "சுட என்ன செய்தார்கள்?" என்று ஒரு செயலைக் கேட்கிறது. "நன்றாக" என்று நிறுத்தினாலும் "நன்றாக என்ன ஆயிற்று?" என்றுதான் மனம் போகும். செயலைக் கேட்டால் ஒற்று உண்டு: சுடத் துப்பாக்கியோடு வந்தாலும், நன்றாகச் செழித்து.

நன்றாகக் கவனியுங்கள், "சுட" என்பதற்கு அடுத்து நிற்பது "துப்பாக்கியோடு" என்ற பெயர்தான். ஆனாலும் "சுட" போய் முடிவது "வந்தாலும்" என்ற வினையில். கேள்வியை வைத்துப் பார்க்க வேண்டுமே தவிர, பக்கத்தில் நிற்கும் சொல் பெயரா வினையா என்று பார்த்தால் இங்கே ஏமாந்துவிடுவோம்.

இலக்கணத்தில் முதல் வகையைப் பெயரெச்சம் என்றும் இரண்டாவதை வினையெச்சம் என்றும் சொல்கிறோம். "பல", "சில" என்பவை பெயரெச்சம் இல்லை, ஆனால் ஒற்று விஷயத்தில் அவற்றோடுதான் சேர்கின்றன. குழந்தைகளிடம் பெயர்களைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் பழக்கினாலே போதும். இந்தக் கேள்வி "ஆன", "ஆக" இரண்டையும் அழகாகப் பிரித்துக் காட்டும்: அழகான பாடல், அழகாகப் பாடினாள். "எழுதாத பாடல்", "தெரியாத பையன்" போன்ற எதிர்மறைகளும் பெயரைக் கேட்பவையே, ஒற்று இல்லை. கடைசி "த" தொலைந்து "ஓடா", "வாடா" என்று குறுகினால் மட்டும் ஒற்று வந்துவிடும்: ஓடாத குதிரை, ஓடாக் குதிரை.

"பெரியக் கோவில்", "நல்லப் பழக்கம்", "வந்தப் பையன்" என்பவையெல்லாம் விதி தெரியாதவர்கள் செய்யும் பிழை என்று நினைக்க வேண்டாம். பாதி தெரிந்தவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். "அந்தப்" என்பதைப் பார்த்துப் பழகிய கை "வந்தப்" என்றும் எழுதிவிடுகிறது.

து, இ ஆகியவற்றில் முடியும் வினைகள்

கட்டி, தெரிந்து, தடுத்து. மூன்றும் செயலைக் கேட்பவையே. அப்படியானால் மூன்றுக்கும் ஒற்று வர வேண்டுமே? இல்லை. இகரத்தில் முடிந்தால் ஒற்று வரும்: கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன, ஓடிப் போனான், தேடிப் பார்த்தாள். உகரத்தில் முடிந்தால், அந்தக் கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும். வல்லின மெய் இருந்தால் ஒற்று உண்டு: தடுத்துத் திருப்பி, கேட்டுச் சொன்னான், விற்றுக் கொடுத்தான். மெல்லின மெய் இருந்தால் இல்லை: தெரிந்து கொண்ட, வந்து பார்த்தான், நின்று பேசினாள், கண்டு களித்தோம். செய்து கொடுத்தான், அழுது தீர்த்தாள் போன்றவற்றிலும் இல்லை.

"தெரிந்துக் கொண்ட", "வந்துக் கொண்டிருந்தான்" என்னும் பிழை அச்சில் ஏராளம். "பார்த்துக்கொண்டிருந்தான்" என்பதன் ஓசை காதில் தங்கியிருப்பதால் வருகிறது. பார்த்து என்பதில் த் இருக்கிறது, வந்து என்பதில் ந் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். "என்று சொன்னான்" என்பதிலும் ன்று இருப்பதால் ஒற்று இல்லை. "என்றுச் சொன்னான்" என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் அடியுங்கள். ஆனால் "எனச் சொன்னான்" என்பதில் ஒற்று உண்டு. "வீட்டிலிருந்து சென்றான்" என்பதிலும் ந்து இருக்கிறது, எனவே ஒற்று இல்லை.

இடைவெளி பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. "தெரிந்து கொண்ட" என்று பிரித்து எழுதுவதா, "தெரிந்துகொண்ட" என்று சேர்ப்பதா? துணைவினையாக வரும்போது சேர்த்து எழுதுவதையே நான் விரும்புகிறேன். பிரித்தாலும் சேர்த்தாலும் ஒற்றின் விதி மாறாது என்பதுதான் முக்கியம். இடைவெளி விட்டதால் ஒற்று போய்விடும் என்று எண்ணிப் பலர் "பார்த்து கொண்டான்" என்று எழுதுகிறார்கள்.

மிச்சம் நான்கு

மழைகாலம், ஏரிகரை, கூடு கட்டி, குஞ்சு பொரிக்கின்றன. இவற்றில் உருபு எதுவும் வெளியே தெரியவில்லை. உள்ளே ஒளிந்திருப்பதை விரித்துப் பார்க்க வேண்டும். ஏரியினது கரை, மழை பெய்யும் காலம் என்று விரிகிறது, இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. அப்படி ஆனால் ஒற்று வரும்: ஏரிக்கரை, மழைக்காலம். புலித்தோல், துணிக்கடை, மல்லிகைப்பூ, பச்சைக்கிளி எல்லாம் இப்படி வருபவையே.

"கூடு கட்டி" என்பது கூட்டைக் கட்டி என்று விரியும். ஐ ஒளிந்துகொண்டு, பின்னால் வினை வந்தால் ஒற்று வராது. குஞ்சு பொரித்தது, துணி துவைத்தாள், கை தட்டினார்கள் எல்லாம் அப்படித்தான். அதே "துணி" என்ற சொல் "துணி துவைத்தாள்" என்பதில் ஒற்று இல்லாமலும் "துணிக்கடை" என்பதில் ஒற்றோடும் வருவதைக் கவனியுங்கள். "கீரை கடை" என்று எழுதினால் கீரையை மத்தால் கடையச் சொல்வதாகப் பொருள். கீரை விற்கும் இடம் வேண்டுமென்றால் "கீரைக்கடை".

கூட்டுச்சொல்லிலும் ஒற்று வராத வகை இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "உம்" ஒளிந்திருக்கும் ஜோடிகள்: செடி கொடி, தாய் தந்தை, வெற்றிலை பாக்கு. முதல் சொல் வினையின் வேராக இருக்கும் சொற்கள்: குடிதண்ணீர், சுடுசோறு, ஊறுகாய்.

முதல் சொல் மகரத்தில் முடியும் கூட்டுச்சொற்கள் நம் பத்தியில் இல்லை, ஆனால் பள்ளிப் பத்திகளில் அடிக்கடி வரும். மரம், கிளை இரண்டும் சேர்ந்தால் மகரம் போய்விட்டு ஒற்று வரும்: மரக்கிளை, பழக்கடை, குளக்கரை. "கள்" சேரும்போது அது ங் ஆகும்: மரங்கள், பழங்கள். இரண்டையும் குழப்பி "மரங்கிளை" என்று எழுதுவதைப் பார்க்கலாம். எழுத்துகள், வாழ்த்துகள், கருத்துகள் என்பவற்றில் ஒற்றுப் போடுபவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. "கள்" விகுதிக்கு முன் மிகாது என்பதே பள்ளிப் பாடம் சொல்லும் விதி. குழந்தைகளுக்கான பத்தியில் அதையே பின்பற்றுங்கள்.

சரி, எல்லாச் சுற்றும் முடிந்த பின் பத்தி இப்படி நிற்கும்:

> வேடந்தாங்கல் ஒரு சிறிய கிராமம். அங்குப் பழைய ஏரி ஒன்று இருக்கிறது. மழைக்காலம் வந்ததும் பல பறவைகள் அந்த ஏரியைத் தேடி வருகின்றன. அந்தப் பறவைகள் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயல்களுக்குப் பாய்கிறது. அதனால் பயிர் நன்றாகச் செழித்து வளர்கிறது. இதைத் தெரிந்துகொண்ட ஊர் மக்கள் ஏரிக்கரையில் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகளைச் சுடத் துப்பாக்கியோடு யார் வந்தாலும் தடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விடுபட்ட ஒற்று 12, கூடுதலாக விழுந்த ஒற்று 4. பத்தொன்பதில் எழுதியவர் சரியாக விட்டிருந்தது "ஒரு சிறிய", "கூடு கட்டி", "குஞ்சு பொரிக்கின்றன" மூன்றை மட்டுமே. உங்கள் கணக்கில் விடுபட்டவை 11 என்று வந்திருந்தால், பெரும்பாலும் தப்பியது "அங்கு" அல்லது "சுட" ஆக இருக்கும்.

காதால் கேட்டே திருத்திவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு சரி. "ஏரியை தேடி" என்பதை நிறுத்தாமல் வேகமாகப் படித்தால் தகரம் மெலிந்து ஒலிக்கும். ஏதோ குறைவது காதுக்குத் தெரியும். "கலந்தத் தண்ணீர்" என்பதை அப்படியே படித்தால் நாக்கு இடறும். ஆனால் பேச்சில் நாம் ஐ உருபையே பாதி விழுங்கிவிடுகிறோம், "ஏரிய தேடி" என்றுதான் பேசுகிறோம். பெயர்ப்பலகைகளிலும் செய்தித் துணுக்குகளிலும் ஒற்று இல்லாத தமிழைப் படித்துப் பழகிய காதுக்கு எல்லாமே சரியாகத்தான் கேட்கும். எனவே காதைக் கடைசிச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் திருத்தும்போது

தட்டச்சு செய்த பத்தியில் ஒரு தனிப் பிழை முளைக்கும்: அநாதை ஒற்று. "ஏரியைத் தேடி" என்று சரியாக இருந்ததை யாரோ "நாடி" என்று மாற்றுவார்கள். முன்னால் இருக்கும் த் அப்படியே நின்றுவிடும். "ஏரியைத் நாடி" ஆகிவிடும். "பறவைகளைச் பிடிக்க" என்பதும் இப்படி வந்ததே. எழுதியவருக்கு இலக்கணம் தெரியும்; திருத்தியவர் ஒரு சொல்லை மட்டும் பார்த்திருக்கிறார். எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் ரீஜெக்ஸ் தேடல் உள்ள எடிட்டர் இருந்தால் இதைச் சுலபமாகப் பிடிக்கலாம்:

```
([கசதப])\u0BCD (?!\1)
```

வல்லின மெய்யில் முடிந்து, அடுத்த சொல் அதே வரிசையில் தொடங்காத இடங்களை இது காட்டும். `\u0BCD` என்பது புள்ளி. "பிளாஸ்டிக்" போன்ற சொற்களும் வந்து நிற்கும், அவற்றைத் தாண்டிப் போங்கள்.

விடுபட்ட ஒற்றைத் தேட இன்னும் இரண்டு:

```
க்கு [கசதப]
\u0BC8 [கசதப]
```

முதலாவது கு உருபுக்கு. இதில் சிக்குவதில் பெரும்பகுதி உண்மையான பிழையாகவே இருக்கும். இரண்டாவது ஐகாரத்துக்கு. "ஏரியை தேடி" என்பதோடு "மழை பெய்தது" என்பதும் வரும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றும் பொத்தானை இதில் தொடவே கூடாது. வினையெச்சத்தையும் பெயரெச்சத்தையும் பிரித்தறிய இந்த வழியில் முடியாது. அதற்குக் கண்ணும் கேள்வியும்தான்.

பயிற்சித்தாளில் மட்டும் வரும் சிக்கல்கள்

பத்தியை அச்சுப் பிசகாமல் திருத்தி முடித்த பிறகும், அதன் கீழே வரும் கேள்விகளில் சந்தி மறுபடி கழன்றுவிடும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி "பறவைகள் ______ தேடி வருகின்றன" என்று கொடுத்து, அடைப்புக்குள் "ஏரியை, மலையை" என்று விடைகளைப் போட்டால், குழந்தை "ஏரியை" என்றே எழுதும். நிரப்பிய வாக்கியம் பிழையாகிவிடும். விடையையே "ஏரியைத்" என்று கொடுத்தால் தனியாக நிற்கும் சொல் விநோதமாக இருக்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் சொல்லை மாற்றிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி: "பறவைகள் ______ நோக்கி வருகின்றன". க, ச, த, ப இல்லாத சொல்லாகப் பார்த்துப் போட்டால் ஒற்றுக்கே வேலையில்லை. பொருத்துக பகுதியிலும் இடப்பக்கத் தொடரும் வலப்பக்கத் தொடரும் சேரும் இடத்தை இதே கண்ணோடு பாருங்கள்.

சின்ன வகுப்புகளுக்கு எழுதும்போது எளிமை என்ற பெயரில் ஒற்றை விட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாம் வகுப்பில் "பள்ளிக்கு சென்றான்" என்று படித்த குழந்தை ஆறாம் வகுப்பில் அதை மறந்துவிட்டுப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். ஒற்று அதிகமாக வந்து குழந்தை தடுமாறும் என்று தோன்றினால், ஒற்று வராத சொல்லைத் தேர்ந்தெடுங்கள்: "பள்ளிக்கு வந்தான்", "ஏரியை அடைந்தன", "அந்த மரம்".

பிரித்து எழுதும் கேள்விக்கு விடைத்தாள் தயாரிப்பவர்கள் கடைசியாக இன்னொன்றையும் பார்க்க வேண்டும். "மழைக்காலம்" என்பதைப் பிரித்தால் "மழை + காலம்". "மழைக் + காலம்" அல்ல. அந்த க் இரண்டும் சேரும்போது தோன்றியது, பிரித்தால் போய்விடும். "மரக்கிளை" என்பது "மரம் + கிளை" ஆகும், போன மகரம் திரும்பி வரும். "ஏரியைத் தேடி" என்பதைப் பிரிக்கக் கொடுத்தால் "ஏரியை + தேடி" என்று எழுதிய குழந்தைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். அந்த இடத்தில் மட்டும் ஒற்று இல்லாததுதான் சரி.